ஒட்டிய பட்டியலைக் கூட்டும் முன்

மங்கலம் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்துவோருக்குக் கடன் கணக்கு இரண்டு பக்கமாக ஓடுகிறது. ஒரு பக்கம், விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு நாம் கொடுக்கும் வாரக் கடன். சனிக்கிழமை சம்பளம் வந்தால் அந்தச் சிட்டை நேராகிவிடும். மறுபக்கம், மொத்த வியாபாரிக்கு நாம் வைத்திருக்கும் பாக்கி. முதல் கணக்கை நாமே எழுதுகிறோம். எங்கே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இரண்டாவது கணக்கு மொத்த வியாபாரியின் கம்ப்யூட்டரிலிருந்து பி.டி.எஃப். ஆக வாட்ஸ்ஆப்பில் வருகிறது. அதைக் காப்பி செய்து எக்ஸெல் தாளில் ஒட்டி, கீழே மொத்தம் போட்டு, நம் கொள்முதல் புத்தகத்தோடு ஒப்பிடுகிறோம்.

அப்படி ஒப்பிடும்போது சில ஆயிரங்கள் உதைப்பது உண்டு. அவர் பில்லைக் கூட்டி எழுதியிருக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். பாக்கியைக் குறைத்துச் சொல்கிறோம் என்று அவர் நினைக்கிறார். இருவர் மீதும் தவறு இல்லாமல், ஒட்டிய பட்டியலிலேயே தவறு இருக்கக்கூடும். கண்ணுக்கு எண்ணாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு எழுத்தாக இருக்கலாம். எழுத்தை அது கூட்டாது. கூட்டவில்லை என்று நமக்குச் சொல்லவும் செய்யாது.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்து இதைப் பார்ப்போம். மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு மாதத்துக்கு எட்டு பில்கள். பி.டி.எஃப். இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் அடியில் அவர் பக்க மொத்தம் போட்டிருக்கிறார். எக்ஸெல்லில் ஒட்டியதும் A பத்தியில் பில் எண், B பத்தியில் தேதி, C பத்தியில் தொகை விழுகின்றன. முதல் வரிசை தலைப்பு. தேதியை விட்டுவிட்டு மற்றவற்றை இங்கே தருகிறோம்.

```
வரிசை   A               C
2       412             12,450.00
3       419              8,300.00
4       427             15,275.00
5       433              6,180.00
6       பக்க மொத்தம்     42,205.00
7
8       440              9,640.00
9       448             11, 925.00
10      455              7,350.00
11      461             14,880.00
```

இதன் கீழே மொத்தம் போடுகிறோம்:

```
=SUM(C2:C11)
```

விடை 58,800. நம் கொள்முதல் புத்தகத்தில் இருப்பதோ 86,000. வித்தியாசம் 27,200. கால்குலேட்டரை எடுத்து எட்டு பில்லையும் தட்டினால் 86,000 சரியாக வருகிறது. அப்படியானால் எக்ஸெல் எதை விட்டது?

15,275, 11,925 ஆகிய இரண்டு பில்களை விட்டிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் அதே 27,200. முதல் தொகைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டாவது தொகையில் கமாவுக்கு அடுத்து ஓர் இடைவெளி நுழைந்திருக்கிறது. இடைவெளி புகுந்ததால் இரண்டும் எழுத்தாகிவிட்டன. `SUM` எண்களை மட்டும் கூட்டி, எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும். பக்க மொத்தமாகிய 42,205-க்குப் பின்னாலும் இதே தெரியாத இடைவெளி இருப்பதால் அதையும் அது கூட்டவில்லை. இந்த ஒன்று நமக்குச் சாதகமாகத் தோன்றும். ஆனால் பின்னால் இதுவே நம்மை மாட்டிவிடும்.

கூட்டும் முன் எண்ணிப் பார்ப்பது

எழுத்தாகிப் போன எண்ணைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. நாம் இடமோ வலமோ ஒதுக்கி வைக்காத பத்தியில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும்; எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். சில கட்டங்களின் மூலையில் பச்சை முக்கோணமும் தெரியும். ஆனால் பத்தி முழுவதையும் வலப்பக்கம் ஒதுக்கிவிட்டால் முதல் அடையாளம் போய்விடும். தெரியாத இடைவெளி உள்ள கட்டத்துக்குப் பச்சை முக்கோணம் வந்தே தீரும் என்பதும் இல்லை. ஆகவே கண்ணை நம்பாமல் எண்ணிப் பார்ப்பதே நல்லது. ஒரு காலிக் கட்டத்தில் முதல் வரியையும் இன்னொன்றில் இரண்டாவது வரியையும் அடிக்கவும்:

```
=COUNT(C2:C11)
=COUNTA(C2:C11)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது, காலியாக இல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். நம் பட்டியலில் முதலாவது 6 என்றும் இரண்டாவது 9 என்றும் சொல்லும். இடையில் உள்ள மூன்றும் எழுத்தாக நிற்பவை. இரண்டு விடையும் ஒன்றாகும் வரை மொத்தம் போடும் வேலையே வேண்டாம். சில சமயம் காலியாகத் தெரியும் கட்டத்தில்கூட ஓர் இடைவெளி உட்கார்ந்திருக்கும். அதையும் `COUNTA` எண்ணிக் காட்டிவிடும்.

எந்தக் கட்டம் என்று பார்க்க `LEN` உதவும். அது கட்டத்தில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று சொல்வது. `=LEN(C2)` என்றால் 5 வரும்; உண்மையான எண்ணுக்குள் 12450 மட்டுமே இருக்கிறது, கமாவும் பைசாவும் வெளி அலங்காரம். `=LEN(C4)` என்றால் 10 வரும். 15,275.00 என்பதைக் கமா, புள்ளி உட்பட எண்ணினால் ஒன்பதுதான். பத்தாவதாக நிற்பது அந்தத் தெரியாத இடைவெளி.

இணையப் பக்கத்திலும் சில பி.டி.எஃப்.களிலும் வரியை உடையாமல் வைப்பதற்காக ஒரு தனி வகை இடைவெளியைப் போடுவார்கள். பார்வைக்கு அது நாம் ஸ்பேஸ் பட்டையைத் தட்டினால் வருவது போலவே இருக்கும்; கம்ப்யூட்டருக்கு அது வேறு எழுத்து. நம் ஸ்பேஸின் எண் 32. அதன் எண் 160. இடைவெளி நீக்குவதற்கு எல்லோரும் சொல்லும் `TRIM` 32-ஐத்தான் அறியும், 160-ஐத் தொடாது. "`TRIM` போட்டும் சரியாகவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு தவறான வழியும் பழக்கத்தில் இருக்கிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து `Format Cells` போய் `Number` என்று மாற்றிவிட்டு, எல்லாம் எண்ணாகிவிட்டது என்று நினைப்பது. அது எதிர்காலத்தில் அடிக்கும் எண்ணின் தோற்றத்தைத்தான் மாற்றும். ஏற்கெனவே எழுத்தாக உட்கார்ந்திருப்பது எழுத்தாகவே இருக்கும்.

காலி வரிசையை எடுப்பது

திருத்தத் தொடங்கும் முன் ஒட்டிய தாளை அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். வேலையெல்லாம் நகலில். மூலம் கைபடாமல் இருந்தால்தான் பிறகு எது வந்தது, எது நாம் செய்தது என்று சொல்ல முடியும்.

பக்கம் முறியும் இடத்தில் வந்த ஏழாவது வரிசை காலி. அது இருந்தால் என்ன என்று தோன்றும். `AutoSum` பொத்தானை அழுத்தினால் அது மேலே ஏறிக்கொண்டே போய்க் காலிக் கட்டம் வந்ததும் நின்றுவிடும். நம் பட்டியலில் எட்டாவது வரிசைக்கு மேல் போகாது. முதல் பக்கம் முழுவதும் விட்டுப் போகும். ஃபில்டர் போட்டாலும், வரிசைப்படுத்தினாலும் இதே கதைதான். காலி வரிசைக்குக் கீழே ஒரு பட்டியல் இருக்கிறது என்பதையே அது அறியாது.

இதற்குச் சுலபமான வழி, D பத்தியில் வரிசை எண் போடுவது. D2-இல் 1, D3-இல் 2 என்று அடித்து, கடைசி வரிசை வரை இழுத்துவிடவும். இப்போது எந்த வரிசையும் முழுக்கக் காலி இல்லை. பட்டியல் ஒரே துண்டாகிவிட்டது. பிறகு வரிசை மாறிப் போனாலும் இந்த எண்ணை வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

அடுத்து `Filter` போட்டு, A பத்தியில் `(Blanks)` என்பதையும் "பக்க மொத்தம்" என்பதையும் மட்டும் டிக் செய்யவும். பில் அல்லாத வரிசைகள் மட்டும் திரையில் நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும். பில் எண் விட்டுப் போய்த் தொகை மட்டும் உள்ள வரிசை ஏதாவது அதில் நின்றால் அது காலி வரிசை அல்ல, விசாரிக்க வேண்டிய பில். மற்றவற்றை `Delete Row` கொடுத்து நீக்கிவிட்டு ஃபில்டரை எடுத்துவிடலாம்.

F5 விசையில் `Special`, `Blanks` என்று போய் எல்லாக் காலிகளையும் ஒரே அடியில் நீக்கும் வழி ஒன்றும் சொல்வார்கள். பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து அதைச் செய்தால், தேதி மட்டும் விட்டுப் போன ஒரு நல்ல பில்லும் சேர்ந்து போய்விடும். ஒரு கட்டம் காலி என்றாலே அந்த வரிசை முழுவதும் நீங்கும். அவசரத்தில் அந்த வழி வேண்டாம்.

பக்க மொத்தத்தை ஏன் முதலிலேயே எடுக்கச் சொல்கிறோம்? எடுக்காமல் எழுத்துகளை எல்லாம் எண்ணாக மாற்றியிருந்தால், இதுவரை எழுத்தாகக் கிடந்த 42,205-உம் எண்ணாகிக் கூட்டலில் சேர்ந்திருக்கும். மொத்தம் 1,28,205 ஆகியிருக்கும். முன்பு குறைவாக வந்தது, சுத்தம் செய்த பிறகு கூடுதலாக வரும். வித்தியாசமாகிய 42,205 அப்படியே ஒரு பக்க மொத்தமாக இருக்கிறதா என்று பார்த்தால் காரணம் உடனே பிடிபடும். நீக்கும் முன் அந்தப் பக்க மொத்தத்தை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளவும். கடைசியில் சரிபார்க்க அது தேவைப்படும்.

எழுத்தை எண்ணாக்குவது

இரண்டு வரிசைகள் போனபின் எட்டு பில்களும் இரண்டாம் வரிசையிலிருந்து ஒன்பதாம் வரிசை வரை நிற்கின்றன. E2-இல் இதை அடிக்கவும்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(C2,CHAR(160),"")," ",""),",",""))
```

பார்க்க நீளம், உள்ளே நடப்பது நான்கே காரியம். 160 எண் இடைவெளியை எடுக்கிறது, சாதாரண இடைவெளியை எடுக்கிறது, கமாவை எடுக்கிறது, மிஞ்சியதை `VALUE` எண்ணாக்குகிறது. இதை E9 வரை இழுத்துவிட்டு, கீழே `=SUM(E2:E9)` போட்டால் 86,000 வரும்.

எங்காவது `#VALUE!` என்று வந்தால் கவலை வேண்டாம். இன்னும் ஏதோ ஓர் எழுத்து உள்ளே இருக்கிறது என்று அது நேர்மையாகச் சொல்கிறது. ஸ்கேன் செய்த பில்லில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து ஓ வந்திருக்கலாம். ரூபாய்க் குறி ஒட்டியிருக்கலாம். அந்தக் கட்டத்தை மட்டும் மூலத்தோடு பார்த்துத் திருத்தினால் போதும். `#VALUE!` அசிங்கமாக இருக்கிறது என்று `IFERROR` போட்டு அதைப் பூஜ்யமாக்கிவிடுவோர் உண்டு. அப்படிச் செய்தால் பில் மறுபடியும் சத்தமில்லாமல் காணாமல் போகும். தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வோம்.

தொகைக்குப் பின்னால் `Cr` என்று இருந்தால் மட்டும் நிதானம் வேண்டும். மொத்த வியாபாரியின் பேரேட்டில் நாம் வாங்கியது பற்று, நாம் திருப்பிக் கொடுத்தது வரவு. வண்டு விழுந்த பருப்பு மூட்டையைத் திருப்பியதற்காக 1,200.00 `Cr` என்று ஒரு வரி இருந்தால், அந்த இரண்டு எழுத்தையும் வெறுமனே அழித்துவிடக் கூடாது. கழிய வேண்டிய 1,200 கூடிவிடும். 84,800 வர வேண்டிய இடத்தில் 87,200 நிற்கும். வித்தியாசம் 2,400, அதாவது அந்தத் தொகையின் இரண்டு மடங்கு. கணக்குப்பிள்ளைகள் உதைக்கும் தொகையைப் பாதியாக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். அந்தப் பாதி பட்டியலில் ஒரு வரியாக இருந்தால், பற்றும் வரவும் பக்கம் மாறியிருக்கிறது. `Cr` வரிகளை ஃபில்டரில் தனியே எடுத்து, எழுத்தை நீக்கி, முன்னால் கழித்தல் குறி போட வேண்டும்.

மொத்தம் வந்த பிறகு மூன்று ஒப்பீடு. பி.டி.எஃப்.இல் பில்கள் எட்டு. `=COUNT(E2:E9)` எட்டு என்று சொல்கிறதா? முதல் பக்கத்து நான்கு பில்களின் கூட்டல், குறித்து வைத்த 42,205-க்குச் சரியாக இருக்கிறதா? கடைசி மொத்தம் நம் புத்தகத்தோடு ஒத்துப் போகிறதா? மூன்றும் ஒத்தால், பிறகு E பத்தியைக் காப்பி செய்து `Paste Special`, `Values` என்று C பத்தி மேல் ஒட்டிவிடலாம். மூன்றில் ஒன்று உதைத்தாலும் மொத்த வியாபாரிக்குப் போன் செய்யும் முன் தாளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

எண்ணாக்கக் கூடாத எண்கள்

இந்த வழி கைக்கு வந்ததும் எல்லாப் பத்தியையும் எண்ணாக்கிவிடத் தோன்றும். அது வேறு விதமான கெடுதல். கூட்டுவதற்காக இருப்பது எண். பெயராக இருப்பது எழுத்து. பில் எண்களைக் கூட்டி யாருக்கும் பயனில்லை. அது பில்லின் பெயர்.

பருப்பு வகைகளின் எச்.எஸ்.என். குறி 0713, தேயிலைக்கு 0902. எண்ணாக்கினால் முன்னால் நிற்கும் பூஜ்யம் போய் 713, 902 என்று நிற்கும். வங்கிக் கணக்கு எண் போன்ற நீண்ட எண்களில் எக்ஸெல் முதல் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். பதினாறாவதிலிருந்து பூஜ்யமாகிவிடும், திரும்ப வராது. பில் எண் 4-12 என்று இருந்தால் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். இந்தத் தேதிக் கோளாறு கடைக்காரர்களை மட்டும் படுத்தவில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, `MARCH1`, `SEPT1` போன்ற பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றியது. இவற்றுக்குத் தீர்வு ஒட்டும் முன்பே இருக்கிறது. காலித் தாளில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Format Cells` போய் `Text` வைத்துவிட்டு, `Match Destination Formatting` என்று ஒட்ட வேண்டும். தொகைப் பத்திக்கு மட்டும் இதைச் செய்யக் கூடாது.

எழுத்தாக இருக்க வேண்டியதில் இடைவெளி புகுந்தால் வரும் நஷ்டம், வரிக் கணக்கில் தெரியும். 1-1-2022 முதல், மொத்த வியாபாரி தம் விற்பனை அறிக்கையில் காட்டி, நம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் வந்த பில்லுக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இந்த வரவு இல்லை. மற்றவர்கள் கொள்முதல் பட்டியலையும் 2பி-யையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. இதற்கு `VLOOKUP` போடும்போது, பில் எண் நம் தாளில் எண்ணாகவும் 2பி தாளில் எழுத்தாகவும் இருந்தால், இரண்டு பக்கமும் 427 என்றே தெரிந்தாலும் `#N/A` என்று வரும். பில் காணவில்லை என்று அர்த்தமாகிவிடும். வந்து சேர்ந்த வரவை விட்டுவிடுவோம், அல்லது ஒழுங்காகத் தாக்கல் செய்த மொத்த வியாபாரியிடம் போய்ச் சண்டை போடுவோம்.

இங்கே செய்ய வேண்டியது முன்னதற்கு நேர் எதிர்: நம் பில் எண்ணை எழுத்தாக்குவது. முதல் வரி அதற்கு. இரண்டாவது வரி, F பத்தியில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணிலிருந்து இரண்டு வகை இடைவெளியையும் நீக்குவது.

```
=A2&""
=SUBSTITUTE(SUBSTITUTE(F2,CHAR(160),"")," ","")
```

ஜி.எஸ்.டி. எண்ணுக்கு ஒரு வசதி உண்டு. அது எப்போதும் 15 எழுத்து. தமிழ்நாட்டுப் பதிவானால் 33-இல் தொடங்கும். நீக்கிய பிறகு `LEN` போட்டு, 15 வராத வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். 16 வந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது. 14 வந்தால் காப்பி செய்ததில் ஓர் எழுத்து விட்டுப் போயிருக்கிறது.

மாதாமாதம் தாக்கல் செய்வோருக்கு 2பி வருவது 14-ஆம் தேதி. 3பி தாக்கலுக்குக் கடைசி நாள் 20. நடுவில் கிடைப்பது ஆறே நாள். அதற்குள் `#N/A` வந்த ஒவ்வொரு பில்லுக்கும் முதலில் நம் தாளில் இடைவெளியும் எழுத்து எண் வித்தியாசமும் பார்த்துவிட்டால், உண்மையிலேயே வராத பில்கள் மட்டும் மிஞ்சும். மொத்த வியாபாரியிடம் கேட்க வேண்டியது அவற்றைப் பற்றி மட்டுமே. பில் எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேட்டால் அவருக்கும் தேடிப் பார்த்துச் சேர்க்க வசதியாக இருக்கும்.